சப்ளையருக்குக் கூடுதலாகப் போன பணம்: டெபிட் பேலன்ஸை விளக்கி மெயில் எழுதுவது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நூல் சப்ளையர் ஒருவருக்குக் கூடுதலாகப் பணம் போய்விட்டது. டேலியில் அவர் லெட்ஜர் டெபிட் பேலன்ஸ் காட்டுகிறது. போனில் சொன்னால், "எங்க புக்ல உங்க பேர்ல டெபிட்டே இல்லையே, கிரெடிட்தான் இருக்கு" என்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் எப்படி எழுதுவது? டெபிட் பேலன்ஸ் என்பதை எப்படி விளக்குவது?

பதில்:

முதலில் ஒரு நல்ல செய்தி. அவர்கள் போனில் சொன்னது மறுப்பு இல்லை, ஒப்புதல். உங்கள் புத்தகத்தில் அவர் பேரில் டெபிட் இருந்தால், அவர் புத்தகத்தில் உங்கள் பேரில் கிரெடிட்தான் இருக்க வேண்டும். அங்கேயும் டெபிட் இருந்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். "நீங்கள் இன்னும் எங்களுக்குப் பணம் தர வேண்டும்" என்று அதற்கு அர்த்தம்.

இந்தக் குழப்பத்துக்கு நம் ஊர் மளிகைக் கடை நோட்டே போதுமான விளக்கம். கடைக்காரர் ஒருவர் பேரில் 'பற்று' எழுதி வைத்தால், அந்த ஆள் கடைக்குப் பணம் தர வேண்டும் என்று அர்த்தம். பணம் கட்டினால் 'வரவு' வைப்பார். பற்றுதான் டெபிட், வரவுதான் கிரெடிட். அதனால் உங்கள் நோட்டில் சப்ளையர் பேரில் பற்று நிற்கிறது என்றால், அவர் உங்களுக்குத் தர வேண்டியது நிற்கிறது. அவர் நோட்டிலோ நீங்கள் கட்டிய பணம் வரவாக இருக்கிறது, அதற்கு ஈடான பில் இல்லை. ஒரே தொகையை இரண்டு நோட்டுகள் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கின்றன.

சப்ளையர் கணக்கு வழக்கமாக கிரெடிட்டில்தான் நிற்கும். பில் வந்ததும் அவர் பேரில் கிரெடிட் ஏறுகிறது, பணம் அனுப்பினால் டெபிட் ஆகிக் குறைகிறது. பில்லைவிடப் பணம் அதிகமாகப் போய்விட்டால் பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது. அவ்வளவுதான். ஆனால் மெயிலில் வெறுமனே "உங்கள் கணக்கில் டெபிட் பேலன்ஸ் உள்ளது" என்று எழுதாதீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் அப்படித்தான் ஒரு டையிங் யூனிட்டுக்கு எழுதினேன். அங்கிருந்த பையன் தன் புத்தகத்தில் எங்கள் பேரில் டெபிட்டைத் தேடியிருக்கிறான். இல்லை என்றதும் 'நிலுவை எதுவும் இல்லை' என்று பதில் போட்டுவிட்டான். அந்த ஒரு வரியால் ஒன்றரை மாதம் போனது. எப்போதும் யார் புத்தகத்தில் என்பதையும், அதனால் யார் யாருக்குத் தர வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மெயிலுக்கு முன்னால் அந்த டெபிட் உண்மையானதுதானா என்று பாருங்கள். டெபிட் பேலன்ஸ் தெரிவதால் மட்டும் கூடுதல் பணம் போனதாக ஆகிவிடாது. சரக்கு வந்து குடோனில் இறங்கியிருக்கும், பில் மட்டும் என்ட்ரி ஆகாமல் ஸ்டோர் ஆள் மேஜையில் கிடக்கும். அப்போதும் டேலி டெபிட்டைத்தான் காட்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஜிஎஸ்டி தளத்தில் GSTR-2B-ஐ இறக்கி, அந்த சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணில் எத்தனை பில் இருக்கிறது என்று பார்ப்பது. அவர் பதிவேற்றிய பில் அதில் இருந்து, உங்கள் புத்தகத்தில் இல்லை என்றால், முதலில் அதை என்ட்ரி போடுங்கள். டெபிட் தானாகக் கரைந்துவிடலாம். ஒரு மாதப் பட்டியலோடு நிறுத்த வேண்டாம், அடுத்த மாதத்தையும் பாருங்கள். அவர் தாமதமாகத் தாக்கல் செய்திருந்தால் பில் அங்கேதான் வந்திருக்கும்.

டிடிஎஸ் பிடிக்கும் கணக்காக இருந்தால் இன்னொன்றும் நடக்கும். டிடிஎஸ் என்ட்ரியை அவர் லெட்ஜரில் போட்டுவிட்டு, பணத்தை மட்டும் பிடித்தம் செய்யாமல் முழுசாக அனுப்பியிருப்பார்கள். அப்போது நிற்கும் டெபிட், டிடிஎஸ் தொகைக்கு ரூபாய் மாறாமல் சமமாக இருக்கும். அதுவும் கூடுதல் பணம்தான், ஆனால் காரணம் வேறு, மெயிலில் சொல்ல வேண்டியதும் வேறு.

இதற்கு நேர்மாறான ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது கண்ணிலேயே படாது. ஒரே பில் இரண்டு தடவை என்ட்ரி ஆகியிருந்தால், பணமும் இரண்டு தடவை போயிருந்தால், லெட்ஜர் அழகாக பூஜ்யத்தில் நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த பில்லை '131' என்றும், லாரியோடு வந்த ஒரிஜினலை 'SY/131' என்றும் போட்டால், இரண்டும் வேறு வேறு எண் என்பதால் டேலி தடுக்காது. இதுவும் GSTR-2B-யோடு ஒப்பிட்டால்தான் வெளியே வரும். அதனால் உங்கள் டெபிட் தொகையைக் கேட்கும் முன் அந்த வருடப் பில்கள் முழுவதையும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். கேட்க வேண்டிய தொகை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

சரி, இப்போது கணக்கு. உங்கள் தொகை தெரியாததால், நான் கையாண்ட ஒரு நூல் கணக்கைப் போலவே ஒன்றை, எண்களை எளிதாக்கி எடுத்துக்கொள்கிறேன்.

2025 ஜூன் 3 அன்று 800 கிலோ நூல், கிலோ 250 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டியோடு பில் 118, ரூ. 2,10,000. ஜூன் 17 அன்று 600 கிலோ, பில் 131, ரூ. 1,57,500. இந்த இரண்டாவது லோடில் 40 கிலோ தரம் சரியில்லை என்று ஜூன் 24 அன்று திருப்பி அனுப்பினோம். அதற்கு வரியோடு ரூ. 10,500-க்கு டெபிட் நோட் போட்டோம். ஆக அவருக்குத் தர வேண்டியது மொத்தம் ரூ. 3,57,000.

ஜூலை 5 அன்று பில் 118-க்கு ரூ. 2,10,000 ஆர்டிஜிஎஸ்ஸில் போனது. ஜூலை 18, வெள்ளிக்கிழமை, சப்ளையர் நெருக்கியதால் முதலாளி தன் மொபைலிலேயே பில் 131-க்கு ரூ. 1,57,500 அனுப்பிவிட்டார். ரிட்டர்ன் போனது அவர் நினைவில் இல்லை. ஆபீசுக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை, ஜூலை 21 அன்று, பேமென்ட் லிஸ்டைப் பார்த்து ஆபீசிலிருந்து அதே ரூ. 1,57,500 மறுபடி போனது. அனுப்பியது மொத்தம் ரூ. 5,25,000. கூடுதல் ரூ. 1,68,000.

இந்த 1,68,000-ஐ ஒரே கட்டியாகக் கேட்கக் கூடாது, இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1,57,500 இரண்டாவது தடவை போன பணம். அதை யாரும் மறுக்க முடியாது, பேங்க் ஸ்டேட்மென்ட்டே சாட்சி. 10,500 ரிட்டர்ன் சரக்குக்கானது. அதை அவர் ஏற்று கிரெடிட் நோட் போட்டால்தான் அவர் புத்தகத்தில் அது தெரியும். போடாதவரை அவர் புத்தகத்தில் உங்கள் பேரில் கிரெடிட் 1,57,500-தான் இருக்கும். நீங்கள் 1,68,000 என்று மட்டும் எழுதினால், தொகை ஒத்துப்போகவில்லை என்று முழு விஷயத்தையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். பிரித்து எழுதினால் தகராறு இல்லாத பெரிய தொகை முதலில் நகரும்.

இனி மெயில். கணக்குப் புத்தகம் தெரியாதவர் படித்தாலும் புரியும்படி எழுதியிருக்கிறேன். அவர்கள் ஆபீசில் பணத்தை ரிலீஸ் செய்வது பெரும்பாலும் அக்கவுண்டன்ட் அல்ல, முதலாளிதான்.

பொருள்: பில் 131-க்கு இருமுறை செலுத்திய ரூ. 1,57,500 மற்றும் ரிட்டர்ன் சரக்குக்கான ரூ. 10,500 திருப்பி அனுப்புவது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கணக்கைச் சரிபார்த்ததில், 2025 ஜூலை மாதத்தில் உங்களுக்குச் சேர வேண்டியதைவிட ரூ. 1,68,000 கூடுதலாக நாங்கள் அனுப்பியிருப்பது தெரியவந்தது. தவறு எங்கள் பக்கம் நடந்தது. அந்தத் தொகையைத் திருப்பி அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் புத்தகத்தில் உங்கள் கணக்கு நகர்ந்த விதம்:

03-06-2025, பில் 118, ரூ. 2,10,000. உங்களுக்குத் தர வேண்டியது ரூ. 2,10,000
17-06-2025, பில் 131, ரூ. 1,57,500. உங்களுக்குத் தர வேண்டியது ரூ. 3,67,500
24-06-2025, 40 கிலோ ரிட்டர்ன், டெபிட் நோட் ரூ. 10,500. உங்களுக்குத் தர வேண்டியது ரூ. 3,57,000
05-07-2025, ஆர்டிஜிஎஸ் ரூ. 2,10,000. உங்களுக்குத் தர வேண்டியது ரூ. 1,47,000
18-07-2025, நெஃப்ட் ரூ. 1,57,500. நீங்கள் தர வேண்டியது ரூ. 10,500
21-07-2025, நெஃப்ட் ரூ. 1,57,500. நீங்கள் தர வேண்டியது ரூ. 1,68,000

இந்த ரூ. 1,68,000 எங்கள் புத்தகத்தில் உங்கள் பேரில் டெபிட் பேலன்ஸாக, அதாவது நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய தொகையாக நிற்கிறது. உங்கள் புத்தகத்தில் இது எங்கள் பேரில் கிரெடிட் பேலன்ஸாகத் தெரியும். ரிட்டர்ன் சரக்குக்கான கிரெடிட் நோட் இன்னும் பதிவாகவில்லை என்றால், அங்கே ரூ. 1,57,500 மட்டும் காட்டும்.

ஆகவே, (1) இருமுறை வந்த ரூ. 1,57,500-ஐ இந்த மாதம் 14-ஆம் தேதிக்குள் அனுப்பி வையுங்கள். (2) ரிட்டர்ன் சரக்குக்கு ரூ. 10,500-க்கு கிரெடிட் நோட் வழங்கி, அந்தத் தொகையையும் அனுப்பி வையுங்கள். பணத்தை, எங்களிடமிருந்து உங்களுக்கு வந்த அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். அடுத்த பில்லில் கழித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் லெட்ஜர், மூன்று பேமென்ட்களுக்கும் யூடிஆர் எண் தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட், ரிட்டர்ன் டெலிவரி சலான், டெபிட் நோட் ஆகியவற்றை இணைத்துள்ளோம். உங்கள் புத்தகத்தில் தொகை வேறாக இருந்தால், எங்கள் கணக்கின் லெட்ஜரை அனுப்பினால் உடனே ஒப்பிட்டுச் சொல்கிறோம்.

நன்றி.
(பெயர், பொறுப்பு, நிறுவனம், ஆபீஸ் எண்)

இந்த மெயிலில் முக்கியமான இடம் நடுவில் இருக்கும் ஓடும் இருப்புதான். எந்த வரியில் 'தர வேண்டியது' திசை மாறுகிறது என்பதைப் படிப்பவரே கண்ணால் பார்க்கிறார். அதன் பிறகு டெபிட், கிரெடிட் என்ற சொற்களே தேவைப்படாது. டேலியில் லெட்ஜரைத் திறந்து F12-ல் ஓடும் இருப்பைக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு வரியிலும் `Dr`, `Cr` என்று வந்துவிடும். ஆனால் அதை அப்படியே மெயிலில் ஒட்டாமல், மேலே செய்தது போல் வார்த்தையாக மாற்றுங்கள். லெட்ஜர் இணைப்பில் இருந்தால் போதும்.

யூடிஆர் எண் இல்லாமல் இந்த மெயிலை அனுப்ப வேண்டாம். ஒரே தொகை இரண்டு தடவை போயிருப்பதால், அவர்கள் ஸ்டேட்மென்ட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு "ஒண்ணுதானே வந்திருக்கு" என்று சொல்வது சகஜம். இரண்டு தனித்தனி எண்கள் இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. சில சமயம் இரண்டாவது பணம் அவர்களிடம் வேறு யார் பேரிலோ வரவு வைக்கப்பட்டிருக்கும், அல்லது எதற்கு என்று தெரியாமல் சஸ்பென்ஸில் கிடக்கும். எண்ணைக் கொடுத்தால் அவர்களே தேடி எடுத்துவிடுவார்கள்.

'அதே வங்கிக் கணக்குக்கு' என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. மெயிலில் புதிய கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணத்தைத் திருப்பும் மோசடிகள் நிறைய நடப்பதால், கவனமான சப்ளையர் புது எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார், நிறுத்தவும் வேண்டும். பழைய கணக்கு மூடப்பட்டு வேறு கணக்குக்குத்தான் வர வேண்டும் என்றால், கேன்சல் செய்த செக்கை இணைத்து, போனிலும் பேசி உறுதிப்படுத்துங்கள்.

அடுத்து வரி. இருமுறை போன 1,57,500-க்கு எந்தச் சரக்கும் கைமாறவில்லை, எந்தப் பில்லும் இல்லை. அதனால் அது திரும்பி வரும்போது ஜிஎஸ்டி கிடையாது, கிரெடிட் நோட்டும் தேவையில்லை, வெறும் பணப் பரிமாற்றம். இதற்கும் கிரெடிட் நோட் போடுகிறோம் என்று சப்ளையர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நடந்த விற்பனையையே குறைத்துக் காட்டியதாக ஆகிவிடும், உங்கள் உள்ளீட்டு வரியும் காரணமில்லாமல் குறையும். 10,500 வேறு வகை. அதில் 500 ரூபாய் வரி. சப்ளையர் கிரெடிட் நோட் போட்டுத் தன் வரியைக் குறைக்க வேண்டுமென்றால், நீங்கள் எடுத்திருக்கும் அந்த 500 ரூபாய் உள்ளீட்டு வரியைத் திருப்பியிருக்க வேண்டும். இதற்குக் காலக்கெடுவும் உண்டு. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அவர் ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாள், இதில் எது முன்னதோ அதற்குள் அவர் கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்ட வேண்டும். அதைத் தாண்டினால் 500 ரூபாய் வரியை அவர் கையிலிருந்து இழக்க நேரிடும், பிறகு அந்தப் பகுதிக்கு முரண்டு பிடிப்பார்.

மெயில் போனதும் பெரும்பாலும் வரும் பதில், "அடுத்த பில்லில் கழிச்சுக்கலாமே" என்பது. மாதாமாதம் வாங்கும் இடமாக இருந்தால் அதில் தப்பில்லை. ஒப்புக்கொண்டால் எந்தப் பில்லில் எவ்வளவு என்று மெயிலிலேயே வாங்குங்கள். ஆனால் இனி அவரிடம் ஆர்டர் இல்லை என்றாலோ, அடுத்த பில் சின்னது என்றாலோ பணமாகவே கேளுங்கள். கழித்துக்கொள்வதற்காகத் தேவையில்லாத சரக்கை வாங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் போன பணம் நூலாகக் குடோனில் தூங்குகிறது.

பதிலே வரவில்லை என்றால் பத்து நாள் கழித்து அதே மெயிலின் தொடர்ச்சியாகவே நினைவூட்டுங்கள், புது மெயில் தொடங்காதீர்கள். கூடவே இருப்பு உறுதிச் சான்று ஒன்று கேளுங்கள்: 'இந்தத் தேதியில் எங்கள் புத்தகத்தில் உங்கள் பேரில் ரூ. 1,57,500 கிரெடிட் உள்ளது' என்று அவர்கள் கையெழுத்திட்டுத் தரும் ஒற்றைப் பக்கம். பணம் தரத் தயங்குபவர்கள்கூட வருட முடிவில் ஆடிட்டருக்காக இதைக் கொடுத்துவிடுவார்கள். தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவே சொல்கிறது. வழக்குப் போட பொதுவாக 3 வருடக் கெடு. கெடு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடும். ஆனால் இந்தச் சட்டப் பிரிவை முதல் மெயிலில் எழுதாதீர்கள். தவறு நம்முடையது, அவர் இன்னும் மறுக்கவும் இல்லை. முதல் மெயிலிலேயே சட்டம் பேசினால் விஷயம் அக்கவுண்டன்ட் மேஜையிலிருந்து வக்கீல் மேஜைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

மார்ச் 31-க்குள் பணம் வராவிட்டால், இந்த டெபிட்டை மற்ற சப்ளையர்களின் கிரெடிட்டோடு கழித்து ஒரே தொகையாகக் காட்டிவிட வேண்டாம். டேலி `Sundry Creditors` குரூப்பில் மொத்தமாகக் கழித்துத்தான் காட்டும், அதனால் ஆடிட்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு நீங்கள் தர வேண்டியது 20 லட்சம் என்றால் அது 20 லட்சம்தான். இந்த ஒருவர் உங்களுக்குத் தர வேண்டியது சொத்துப் பக்கம் தனியாக வர வேண்டும்.

பணம் வந்ததும் ரசீது வவுச்சரில் பேங்க் டெபிட், சப்ளையர் கிரெடிட். இதை இதர வருமானத்தில் போட்டுவிட்டால் இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள், சப்ளையர் லெட்ஜரில் டெபிட்டும் அப்படியே நிற்கும். 1,57,500 மட்டும் வந்தால் லெட்ஜர் 10,500 டெபிட்டில் நிற்கும். அது கிரெடிட் நோட்டுக்காகக் காத்திருக்கும் தொகை. அந்த வரியின் விவரக் குறிப்பில் டெபிட் நோட் எண்ணை எழுதி வைத்துவிடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்காது.